உதட்டின் நீலமும் விரலின் நீலமும்

நோயாளியின் உதடு நீலம் பாய்ந்திருந்தால், அவர் குருதியில் பிராணவாயு குறைந்துவிட்டது என்று எவரும் எளிதில் சொல்லிவிடுவர். நீலமே இல்லாவிட்டால் பிராணவாயு போதிய அளவு இருக்கிறது என்று சொல்லலாமா? இந்த இரண்டாவது முடிவில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அது ஏன் என்பதைச் சிறிது கணக்குப் போட்டுக் காண்போம்.

சயனோசிஸ் என்று மருத்துவர் வழங்கும் இந்நீலம், ஹீமோகுளோபின் என்னும் நிறப்பொருளால் வருவது. பிராணவாயுவைச் சுமந்திருக்கும்போது அது நல்ல சிவப்பு. சுமையை இறக்கிவிட்டாலோ சிவப்பொளியை மிகுதியாக விழுங்கிக் கருஞ்சிவப்பாகிறது; தோலின் வழியே பார்க்கும் கண்ணுக்கு அது நீலமாகத் தோன்றுகிறது. சுமை இறக்கிய இந்த ஹீமோகுளோபினை 'வெறும் ஹீமோகுளோபின்' என்றே இக்கட்டுரையில் அழைப்போம்.

வெள்ளைத் துணிக்குச் சலவை நீலம் போடுகிறோம். துணியில் ஏறும் நிறம், வாளியில் எவ்வளவு நீலம் கரைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பொட்டலத்தில் எத்தனை விழுக்காடு எடுத்தோம் என்பதைப் பொறுத்ததன்று. சிறிய பொட்டலத்தில் பாதியைக் கொட்டினாலும் துணி வெளுப்பாகவே இருக்கலாம். பெரிய பொட்டலத்தில் கால் பங்கே நல்ல நீலம் தரலாம். குருதியிலும் இதே நிலைதான். டென்மார்க் நாட்டு மருத்துவர் கிறிஸ்டென் லண்ட்ஸ்கார்ட் 1919-இல் இதை அளந்து காட்டினார். தோலின் தந்துகிகளில் ஓடும் குருதியில், 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் வெறும் ஹீமோகுளோபின் சேர்ந்தால் நீலம் கண்ணுக்குப் புலப்படும் என்பது அவர் கண்டது. 1923-இல் வான் ஸ்லைக்குடன் சேர்ந்து இதனை அவர் விரிவாக எழுதினார்.

தந்துகியில் இந்த 5 கிராம் எப்படிச் சேர்கிறது? இரு வழிகள் உண்டு. தமனியிலிருந்து வரும்போதே ஒரு பகுதி வெறுமையாக வரலாம். மற்றொரு பகுதி, தந்துகியில் செல்லும்போது திசுக்களுக்குப் பிராணவாயுவைக் கொடுத்து வெறுமையாகிறது. ஓய்வாயிருக்கும் உடல், 100 மில்லி லிட்டர் குருதியில் சுமார் 4 கிராம் ஹீமோகுளோபினின் சுமையை வாங்கிக்கொள்கிறது. தந்துகியின் தொடக்கத்தில் இந்த இழப்பு இல்லை. முடிவில் 4 கிராம். ஆகவே சராசரி 2 கிராம் எனக் கொள்ளலாம். அப்படியானால், தமனிக் குருதியில் 3 கிராம் வெறுமையாக வந்தாலே நீல எல்லையை எட்டிவிடுகிறோம்.

இனி மூவரை எடுத்துக்கொள்வோம். மூவருக்கும் நுரையீரல் நோய். மூவரின் தமனிக் குருதியிலும் பிராணவாயு நிறைவு 80 விழுக்காடே. முதல்வருக்கு 100 மில்லி லிட்டரில் ஹீமோகுளோபின் 15 கிராம். இரண்டாமவர் நெடுநாள் நோயாளி; சிவப்பணுக்கள் பெருகி 20 கிராம் ஆகியிருக்கிறது. மூன்றாமவர் கொக்கிப்புழுவால் குருதி இழந்து சோகையுற்றவர். அவருக்கு 6 கிராமே உண்டு.

முதல்வரின் தமனியில் வெறும் ஹீமோகுளோபின் 15-இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 3 கிராம். திசுக்களால் வரும் 2 கிராமைக் கூட்டினால் 5. நீலம் இப்போதுதான் தெரியத் தொடங்கும். இரண்டாமவருக்கு 4-உம் 2-உம் சேர்ந்து 6. நீலம் நன்றாகத் தெரியும். மூன்றாமவருக்கு 1.2-உம் 2-உம் சேர்ந்து 3.2. அவர் வெளிறிக் கிடப்பார், நீலம் இராது.

இப்போது சுமையைப் பாருங்கள். மிகுந்த நீலமாயிருக்கும் இரண்டாமவரின் குருதியில் 16 கிராம் ஹீமோகுளோபின் பிராணவாயுவோடு செல்கிறது. நலமாக உள்ள ஒருவருக்கே இது 14.5 கிராம்தான். (இதனால் இரண்டாமவர் நலமாயிருக்கிறார் என்று பொருளன்று, அவர் நுரையீரல் பழுதுற்றதே.) நீலமில்லாத மூன்றாமவரிடம் 4.8 கிராமே உண்டு. திசுக்கள் கேட்பது 4. மிச்சம் ஒரு கிராம்கூட இல்லை. மூவரில் மிக ஆபத்தான நிலையில் இருப்பவர் இவரே. ஆனால் நிறம் அதைச் சொல்லவில்லை.

இவர் நீலமாவது எப்போது? 6 கிராமில் 3 கிராம் வெறுமையாக வேண்டும். அதாவது நிறைவு 50 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டும். அப்போது சுமையோடு மிஞ்சுவது 3 கிராம். திசுக்களுக்கு வேண்டிய 4 கிராமுக்கே அது போதாது. சோகை உள்ளவரின் இதயம் குருதியை விரைந்து செலுத்தி ஈடுசெய்வது உண்மை. ஆனால் விரைந்து ஓடும் குருதியில் ஒவ்வொரு 100 மில்லி லிட்டரும் இழப்பது குறைவு. நீலம் தோன்றுவது இன்னும் தள்ளிப்போகும். எனவே கடுஞ்சோகையில் நீலத்துக்காகக் காத்திருப்பது, வீடு எரிந்து முடிந்தபின் புகையைத் தேடுவது போன்றது.

இதுவரை கண்டது மைய நீலம். தமனிக் குருதியே வெறுமையாக வருவதால் இது உடல் முழுதும் பரவும். நாக்கும் உதட்டின் உட்புறமும் நீலமாகும். கை வெதுவெதுப்பாகவே இருக்கலாம். இதற்கு மாறானது புற நீலம். வடநாட்டுத் தை மாதக் காலையில் கையுறையின்றி மிதிவண்டியில் வகுப்புக்கு வந்தவரின் விரல் நுனியைப் பாருங்கள். அவர் தமனிக் குருதியின் நிறைவு 97 விழுக்காடு. 15 கிராமில் வெறுமையாக வருவது அரைக் கிராமுக்கும் குறைவு. ஆனால் குளிரில் நாளங்கள் சுருங்க, குருதி விரலில் மெல்ல ஊர்கிறது. தங்கும் நேரம் கூடுவதால் திசுக்கள் அதிகமாக உறிஞ்சிக்கொள்கின்றன. வெளியேறும்போது நிறைவு 35 விழுக்காடாகிவிட்டால், வெறும் ஹீமோகுளோபின் முடிவில் 10 கிராமை நெருங்கும்; சராசரி 5-ஐத் தாண்டும். விரல் நீலம், நாக்கோ சிவப்பு. நாக்கு வெப்பமான இடம். அங்கே குருதி தாராளமாக ஓடுகிறது.

ஆகவே நீலத்தைக் கண்டால் முதலில் நாக்கை நீட்டச் சொல்ல வேண்டும். அது சிவப்பாயிருந்தால் கையை வெந்நீரில் வைத்தோ தேய்த்தோ பார்க்கலாம். குளிரால் வந்த நீலம் மறையும். மைய நீலம் இதனால் மறையாது. ஆனால் புற நீலம் யாவும் குளிரால் வருவதன்று. அதிர்ச்சியிலும் இதயம் தளர்ந்தபோதும் விரல் நீலமாகிக் குளிர்ந்துவிடும். குளிரில்லாத அறையில், நாடி மெலிந்து, வியர்வையோடு விரல் நீலமானால் அதை அற்பமாக எண்ணலாகாது. ஒரே நோயாளியிடம் இருவகை நீலமும் சேர்ந்திருப்பதும் உண்டு.

நம் கண்ணுக்கும் எல்லை உண்டு. 5 கிராம் என்பது கோடு கிழித்த எல்லையன்று. பழகிய கண் சற்று முன்னரே காணும், பழகாத கண் தவறவிடும். மங்கிய விளக்கொளியில் நிறம் ஏமாற்றும். நம்மவரின் கருத்த தோலில் விரலையோ கன்னத்தையோ நம்பாமல், பகல் வெளிச்சத்தில் நாக்கையும் கண்ணிமையின் உட்புறத்தையும் பார்ப்பதே முறை.

இன்று விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் எங்கும் கிடைக்கிறது. அது காட்டுவது விழுக்காடு மட்டுமே, கிராம் அன்று. 6 கிராமே உள்ள சோகையாளர், நுரையீரல் நன்றாயிருந்தால் அதில் 98 காட்டுவார். கண் வெறும் ஹீமோகுளோபினின் அளவைக் காண்கிறது. கருவி விழுக்காட்டைக் காண்கிறது. திசுக்களுக்கு எவ்வளவு பிராணவாயு செல்கிறது என்பதை இரண்டும் தனித்துச் சொல்லா. அதற்கு ஹீமோகுளோபின் எத்தனை கிராம் என்பதையும், குருதி எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.