கசாவா, டேப்பியோகா, ஜவ்வரிசி: ஒன்றா, மூன்றா?

நம்பிக்கை: கசாவாவும் டேப்பியோகாவும் வேறு வேறு கிழங்குகள்.

உண்மை: செடி ஒன்றுதான். நாம் மரவள்ளி என்றும், சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு என்றும் சொல்வதைத்தான் ஆப்பிரிக்காவில் பல இடங்களில் கசாவா என்கிறார்கள். இது தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். மேல்நாட்டுக் கடைகளில் டேப்பியோகா என்றால் அந்தக் கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த மாவுச்சத்து. நம் ஊரிலோ கிழங்கையே டேப்பியோகா என்போம். சமையல் குறிப்பில் 'டேப்பியோகா மாவு' என்று இருந்தால் கிழங்கைக் காயவைத்து அரைத்த மாவைப் போடாதீர்கள். அதில் நாரும் இருக்கும், குழம்பு கொழகொழவென்று தெளிவாகத் திரளாது.

நம்பிக்கை: ஜவ்வரிசி ஒரு பனைமரத்திலிருந்து வருகிறது.

உண்மை: உலகில் அப்படியும் ஒன்று உண்டு. நியூகினி, மலுக்குத் தீவுகள், சரவாக் போன்ற இடங்களின் சதுப்பு நிலங்களில் வளரும் சாகோ பனையைப் பூப்பதற்குச் சற்று முன் வெட்டி, தண்டின் சோற்றைத் துருவி, நீரில் அலசி மாவெடுப்பார்கள். சாகோ என்ற பெயருக்குரிய பண்டம் அதுதான்.

நம் கடை ஜவ்வரிசி வேறு. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவிலிருந்து சாகோ வருவது நின்றுபோனபோது, 1940களில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். கிழங்கைத் தோலுரித்து அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் விடுவார்கள். அடியில் படியும் ஈர மாவை உடைத்துக் குலுக்கினால் மணி மணியாக உருளும். அதைச் சூடான தட்டில் வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ வெயிலில் உலர்த்துவார்கள். ஆவியில் வெந்ததுதான் பளபளக்கும் நைலான் ஜவ்வரிசி. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆகவே பெயர் பனையுடையது, பொருள் கிழங்குடையது.

நம்பிக்கை: மூலம் ஒன்று என்றால் சத்தும் பக்குவமும் ஒன்றுதான்.

உண்மை: கிழங்கில் நாரும் ஓரளவு வைட்டமின் சி-யும் உண்டு. ஜவ்வரிசியில் அவை அலசலோடு போய்விடுகின்றன. எஞ்சுவது ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. புரதம் பெயருக்குத்தான். விரத நாளில் ஜவ்வரிசிக் கிச்சடியில் வேர்க்கடலை சேர்ப்பது சுவைக்கு மட்டுமல்ல, இந்தக் குறையையும் ஓரளவு ஈடுகட்டும். சர்க்கரை நோயாளிகள் அளவு பார்த்தே சாப்பிட வேண்டும்.

பக்குவம் இன்னும் முக்கியம். பச்சை மரவள்ளியில் சயனைடை வெளிவிடும் சேர்மம் இருக்கிறது. தோலிலும் கசப்பு வகைகளிலும் அதிகம். அதனால் கிழங்கைப் பச்சையாகத் தின்னக் கூடாது. தோலை நீக்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசந்தால் தூக்கிப் போடுங்கள். ஜவ்வரிசிக்கு இந்தப் பயம் இல்லை. அரைத்து, அலசி, சூடாக்கும்போதே அந்த நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

சுருக்கமாக: கசாவா கிழங்கு, டேப்பியோகா அந்தக் கிழங்கோ அதன் மாவோ, நம் ஜவ்வரிசி அதே மாவின் மணி. பனைச் சாகோ மட்டுமே இவற்றில் உண்மையிலேயே வேறு.