இறுகிய குளோ பிளக்கும் முறியாத நுனியும்

டீசல் வண்டி வைத்திருப்போர் வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் குளோ பிளக் புதிய சொல்லன்று. பெட்ரோல் எஞ்சினில் பொறி பறக்க ஸ்பார்க் பிளக் இருப்பது போல, டீசல் எஞ்சினில் சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு குளோ பிளக் உண்டு. இதில் பொறி எதுவும் பறப்பதில்லை. பென்சில் போன்ற மெல்லிய உலோகத் தண்டு ஒன்று மின்சாரத்தால் சில விநாடிகளில் செக்கச் சிவந்து, குளிர்ந்த எஞ்சினுக்குள் இருக்கும் காற்றைச் சூடாக்கிக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. இதற்கு நல்ல தமிழ்ச் சொல் ஒன்றை நம் பேரவை நண்பர்கள் உருவாக்கித் தரலாம். அதுவரை பட்டறையில் வழங்கும் பெயரையே இங்கும் வைத்துக்கொள்கிறேன்.

நான் இங்கே எழுதப்போவது, பல ஆண்டுகள் கழற்றாமல் விட்டதால் சிலிண்டர் ஹெட்டோடு ஒட்டிப்போன ஒரு குளோ பிளக்கை நுனி முறியாமல் எப்படி எடுப்பது என்பதைப் பற்றி. காத்தோங்கில் சமைத்த உணவை வேனில் கொண்டுபோய்க் கொடுக்கும் அண்ணன் ஒருவருடைய வண்டியில் இந்த வேலையைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சிலோன் சாலைக்கு அருகில் உள்ள அவருடைய வரிசை வீட்டின் முன்புறத்தில்தான் வேலை நடந்தது. செய்தவர் முப்பது ஆண்டுகளாக டீசல் எஞ்சினோடு பழகிய மெக்கானிக் மாமா. நான் இயந்திரப் பொறியியல் படிப்பவன் என்பதால் மீட்டரைப் பிடிக்கவும் கணக்குப் போடவும் உடனிருந்தேன்.

நம் ஊரில் ஏன் அதிகம் இறுகுகிறது?

குளிர் நாடுகளில் ஒரு குளோ பிளக் செத்துப்போனால் அடுத்த குளிர்காலக் காலையிலேயே தெரிந்துவிடும். வண்டி கிளம்பாது, பிளக்கை மாற்றியே ஆக வேண்டும். சிங்கப்பூரில் விடியற்காலையில்கூடப் பெரும்பாலும் 23 டிகிரிக்குக் குறையாது. நான்கில் ஒன்று செத்தாலும், ஏன், இரண்டு செத்தாலும் எஞ்சின் எப்படியோ கிளம்பிவிடும். கொஞ்சம் வெள்ளைப் புகை, கொஞ்சம் தடதடப்பு, பிறகு சரியாகிவிடும். ஆகவே யாரும் அதைத் தொடுவதில்லை. தொடாத பிளக்கைச் சுற்றி ஆண்டுதோறும் கரி சேர்கிறது.

2025 ஜனவரி 1 முதல் இங்கே புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவு செய்ய முடியாது. சரக்கு வேன்களுக்கு அந்தத் தடை இல்லை. பத்தாண்டு சிஓஇ முடிந்த பிறகு அதைப் புதுப்பித்து வண்டியை ஓட்டுவோர் பலர் உண்டு. இந்த அண்ணனும் அப்படித்தான் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்திருந்தார். நுனி முறிந்தால் ஹெட்டையே இறக்க வேண்டும். கேஸ்கெட்டுக்கும் வேலைக்கும் ஆகும் செலவு ஒருபுறமிருக்க, அத்தனை நாளும் வண்டி நிற்கும், சாப்பாடு போகாது. ஐம்பது வெள்ளிப் பொருளை மாற்றப்போய் இப்படி ஆகக்கூடும் என்பதுதான் அவருடைய கவலை.

இரண்டு இடத்தில் பிடித்திருக்கிறது

முதலில் பிளக்கின் அமைப்பைப் புரிந்துகொள்வோம். மேலே அறுகோணத் தலை, அதன்கீழ் மரை, மரைக்குக் கீழே கூம்பு வடிவில் ஓர் உட்காரும் இடம், அதற்கும் கீழே மெல்லிய தண்டு. கூம்பு ஹெட்டில் அழுந்தி உட்கார்ந்து எரிவாயு மேலே வராமல் அடைக்கிறது. மரையில் துரு பிடிக்கும். தண்டைச் சுற்றிக் கரி பிடிக்கும். இவை தனித்தனிப் பிடிகள். மேலே ஊற்றும் எண்ணெய் மரைவரைதான் போகும். கூம்பு அடைத்துக்கொண்டிருப்பதால் கரியைத் தொடவே தொடாது. “முந்தின நாள் எண்ணெய் ஊற்றினேன், இருந்தும் முறிந்துவிட்டது” என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை.

இன்னொன்று, பிளக்கின் உடல் உள்ளே வெறும் குழாய். குளோ பிளக் செய்யும் ஜெர்மானிய நிறுவனமான பெரு, முறியும் எல்லையை மரை அளவுக்கு ஏற்பத் தந்திருக்கிறது. 8 மில்லிமீட்டர் மரைக்கு 20 நியூட்டன் மீட்டர். 10 மில்லிமீட்டருக்கு 35. 12 மில்லிமீட்டருக்கு 45. இவை எவ்வளவு சிறிய எண்கள் என்பதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும். கையில் 45 செண்டிமீட்டர் நீளக் கைப்பிடி இருந்தால், 8 மில்லிமீட்டர் பிளக்கை முறிக்க அதன் முனையில் நாலரைக் கிலோ எடை போதும். தேக்காவில் வாங்கும் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்குகிற பலம்தான் அது. நாம் பலமாக இழுப்பதாகவே நமக்குத் தோன்றாது. அதனால்தான் மாமா சாதாரண ஸ்பேனரைத் தொடவேயில்லை. டார்க் ரெஞ்சைத்தான் எடுத்தார். இந்த வண்டியின் பிளக் 10 மில்லிமீட்டர் மரை கொண்டது. ரெஞ்சை 30இல் நிறுத்திவைத்தார்.

வேலை நடந்த விதம்

வண்டியின் கணினியில் P0673 என்ற குறி வந்திருந்தது. மூன்றாம் சிலிண்டரின் குளோ பிளக் சுற்றில் கோளாறு என்று பொருள். மீட்டரால் அளந்தோம். மற்ற மூன்றும் ஓர் ஓமுக்கும் குறைவாகக் காட்டின. மூன்றாவதில் மின்தொடர்பே இல்லை. இந்த அளவீடு வெறும் நோயறிதல் அன்று. எடுக்கும் முறையையும் இதுவே தீர்மானிக்கிறது. உயிருள்ள பிளக்குக்குத் தனிக் கம்பி மூலம் நான்கைந்து நிமிடம் மின்சாரம் கொடுத்தால், தண்டு தன்னைச் சுற்றியுள்ள கரியைத் தானே சுட்டு இளக்கிவிடும். செத்த பிளக்கில் அது நடக்காது. புதிய வண்டிகளில் வரும் ஐந்து வோல்ட், ஏழு வோல்ட் பிளக்குகளுக்கு நேரடியாகப் பேட்டரியைக் கொடுக்கவும் கூடாது; கொடுத்தால் நுனி வீங்கும். வீங்கிய நுனி துளை வழியே மேலே வரவே வராது.

வெள்ளிக்கிழமை மாலை பிளக்கைச் சுற்றியிருந்த தூசியைக் காற்றால் ஊதிவிட்டு, ஊடுருவும் எண்ணெயை ஊற்றி இரவு முழுவதும் விட்டோம். மறுநாள் காலை அண்ணன் வண்டியைக் கிழக்குக் கடற்கரை விரைவுச்சாலையில் சாங்கிவரை ஓட்டிவிட்டு வந்தார். சூடு ஆறுவதற்குள் வேலை தொடங்கியது. சூடு எதற்கு? ஹெட் அலுமினியம், பிளக் எஃகு. ஒரே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 30 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்கு ஏறும்போது, 10 மில்லிமீட்டர் துளை பிளக்கைவிட 0.006 மில்லிமீட்டர் கூடுதலாக விரிகிறது என்று கணக்கு வந்தது. தலைமுடியின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் துருவின் பிடியைத் தளர்த்த அது உதவுகிறது. வார்ப்பிரும்பு ஹெட்டாக இருந்தால் இந்த லாபம் அநேகமாகக் கிடையாது.

இரண்டாவதும் நான்காவதும் முதல் இழுப்பிலேயே ‘கீச்’ என்று கத்திக்கொண்டு திரும்பின. “கத்தினா நல்லது தம்பி, சத்தம் இல்லாம இளகினாத்தான் பயப்படணும்” என்றார் மாமா. மரை நகரும்போது உராய்ந்து கத்துகிறது. சத்தமே இல்லாமல் கைப்பிடி மென்மையாக வருகிறதென்றால், உலோகம் முறுக்கேறி இழைந்துகொண்டிருக்கிறது என்று பொருள், அடுத்தது முறிவுதான். இதற்கு முந்திய நிலையையும் கையால் உணரலாம். கைப்பிடி சற்றே திரும்பும், விட்டால் பழைய இடத்துக்கே ஸ்பிரிங் போலத் திரும்பி வரும். தலை திரும்புகிறது, மரை அசையவில்லை.

மூன்றாவது பிளக் 30இல் ‘டிக்’ என்றது. ரெஞ்ச் ‘டிக்’ என்றால் அன்றைய எல்லை அதுவே. மாமா எண்ணைக் கூட்டவில்லை. இறுக்கும் பக்கம் 15 அளவுக்கு மெதுவாகத் தள்ளினார், பிறகு கழற்றும் பக்கம்; இப்படி மாறி மாறிச் செய்தார். மறுபடியும் எண்ணெய், மறுபடியும் சாங்கி. மூன்றாம் முறை, ஞாயிறு மாலை, கால் சுற்றுக்கு ஒரு கீச்சொலி கேட்டது.

இந்த இடத்தில்தான் பலர் மகிழ்ச்சியில் வேகமாகத் திருகித் தண்டைப் பறிகொடுக்கிறார்கள். மரை இளகியதே தவிர, கரி இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் மரை தலையை மேலே தூக்க, கரி நுனியைக் கீழே இழுத்து வைத்திருக்கும். மாமா அரைச் சுற்றோடு நிறுத்தினார். கூம்பு தன் இருக்கையிலிருந்து எழுந்துவிட்டதால், இப்போது ஊற்றும் எண்ணெய்க்கு முதன்முறையாகத் தண்டுவரை வழி கிடைக்கிறது. இருபது நிமிடம் காத்திருந்தோம். பிறகு அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே. கை கனத்தால் திரும்பிப் போவது, இளகினால் முன்னேறுவது. மரை முழுவதும் கழன்ற பிறகும் பிளக் வரவில்லை. குறட்டால் பக்கவாட்டில் ஆட்டியிருந்தால் அங்கேயே முறிந்திருக்கும். சுழற்றிக்கொண்டே நேராக மேலே இழுத்தார். கரி பூசிய தண்டு வந்தது.

வந்ததும் புதிய பிளக்கைப் பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிட்டோம். நுனி குறைந்திருந்தால் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. தொட்டால் துண்டு பிஸ்டன்மேல் விழுந்து, ஹெட்டோடு போக வேண்டிய சேதம் எஞ்சின் முழுவதற்கும் பரவும். இதில் நீளம் சரியாக இருந்தது. துளையில் மிஞ்சிய கரியை, பள்ளங்களில் கிரீஸ் தடவிய துளைசீவியால் எடுத்தோம். கிரீஸ் கரித்தூளைப் பிடித்துக்கொள்வதால் அது உள்ளே விழாது. புதியதை 15 நியூட்டன் மீட்டரில் இறுக்கினோம். கரி எடுக்காமல் புதியதைத் திணித்தால் அடுத்த முறை இதைவிடச் சிரமம்.

இன்ஜெக்டருக்கும் இதே வழியா என்று கேட்பீர்கள். பல எஞ்சின்களில் அதற்கு மரை கிடையாது. ஒரு கவ்வி அழுத்திப் பிடித்திருக்கும். அடியிலுள்ள செம்பு வாஷர் கசிந்தால் கரி மேலேறி, தார் போல இறுகிவிடும். அங்கே ஆபத்து முறுக்குவதில் இல்லை, இழுப்பதில் இருக்கிறது. முதலில் அதை இடவலமாகச் சிறிது திருப்பிக் கரிப்பிடியை உடைத்த பிறகே இழுப்பானை மாட்ட வேண்டும்.

முதல் சிலிண்டரின் பிளக் என்ன ஆயிற்று? அதுவும் 30இல் ‘டிக்’ என்றது, ஸ்பிரிங் போலத் திரும்பியும் வந்தது. நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. “மீட்டரில் நல்லாத்தானே காட்டுது, அதை விடு” என்று மாமா ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டார். அது சரியான முடிவு என்பது என் எண்ணம். ஏன், அது செத்துப்போயிருந்தாலும் இந்த ஊர் வெயிலில் வண்டி கிளம்பத்தான் செய்யும். சில புதிய வண்டிகளில் மட்டும், ஒரு பிளக் செத்திருந்தால் புகைவடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்வதைக் கணினி நிறுத்திவிடும். அங்கே அப்படி விட்டுவைக்க முடியாது. இந்த வேனில் அந்தச் சிக்கல் இல்லை. ஹெட்டை வேறு காரணத்துக்காக இறக்கும் நாள் வந்தால் மேசைமேல் வைத்து நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். வாங்கிய நான்காவது பிளக் இப்போதும் அண்ணனின் வண்டி டிராயருக்குள் பெட்டியோடு கிடக்கிறது.