சார்ஜர் பழுதா? கடையிலிருந்து கச்சேரி வரை சில குறிப்புகள்

1. சார்ஜரோ பவர் பேங்கோ வாங்கும்போது பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி தரத்தான் வேண்டும். சூட்டில் அச்சாகும் சீட்டில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.

2. பெட்டியிலுள்ள தொடரிலக்கத்தைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். "இது எங்கள் கடைச் சாமான் இல்லை" என்ற பேச்சுக்குப் பின்னாளில் இடமிருக்காது.

3. தலைமன்னார், பேசாலைப் பக்கம் உப்புக்காற்றில் கேபிள் முனை பச்சை பூத்துவிடும். அதைக் கண்டால் "தண்ணீர் பட்டது, வாரண்டி இல்லை" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். வாங்கிய நாளிலேயே முனையைப் படம் பிடியுங்கள்; பாவிக்காத நேரம் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

4. பழுதான சாமானைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். கொடுத்த திகதி, பழுது என்ன, எப்போது பதில் என்ற மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கடைக்காரரின் கையொப்பம் வாங்குங்கள். "அடுத்த கிழமை வாங்கோ" என்பதைத் திகதியாக மாற்றுவதே பாதி வேலை.

5. மன்னார்க் கடைக்காரர் சாமானைக் கொழும்பு விநியோகஸ்தருக்கு அனுப்பித்தான் மாற்ற வேண்டியிருக்கும், அதனால் 14 நாள் பொறுப்பது நியாயம். அந்தத் திகதி தாண்டினால் விற்ற பையனிடம் திரும்பப் பேசாமல் முதலாளியிடம் போங்கள். அவரும் இழுத்தால், வாரண்டி அட்டையிலுள்ள விநியோகஸ்தருக்கு 7 நாள் தவணை போட்டுப் பதிவுத்தபாலில் கடிதம் அனுப்புங்கள். அதன் பிரதி ஒன்றைக் கடைக்கும் கொடுங்கள்.

6. இப்படி அலையும்போதே காலம் போய்விடும், அதுதான் எனக்குப் பெரிய கவலை. அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும், விற்ற நாளிலிருந்து 3 மாதத்துக்குள் என்று கணக்கு வையுங்கள். உதாரணமாக, மார்ச் 3 வாங்கிய பவர் பேங்க் 20ஆம் திகதி பழுதாகி அன்றே கடைக்குப் போனால், 14 நாள் ஏப்ரல் 3இல் முடியும். அன்றே கடிதம் போட்டால் அதன் தவணை 10ஆம் திகதி முடியும். ஜூன் 3 வரை இன்னும் ஏழு கிழமைக்கு மேல் கையில் இருக்கும். மே மாதம்வரை கடைவாசலிலேயே நின்றால் அந்த நேரம் கிடைக்காது.

7. முறைப்பாட்டுக் கடிதத்தோடு பற்றுச்சீட்டு, கையொப்பத் துண்டு, பதிவுத்தபால் சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை இணையுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள். மாற்றுப் பொருளா, பணமா என்று தெளிவாக எழுதுங்கள். விசாரணைக்குப் பின் இரண்டில் ஒன்றையோ நட்டஈட்டையோ கட்டளையிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. முறைப்பாட்டைக் கொடுக்கக் கச்சேரியில் யாரைக் காண்பது என்று முதலில் 1977க்கு அழைத்துக் கேட்டால் பஸ் காசு மிச்சம்.

8. பவர் பேங்க் வீங்கியிருந்தால் திரும்பச் சார்ஜ் போடாதீர்கள், பார்சலிலும் அனுப்பாதீர்கள், தீப்பிடிக்கும். படம் எடுத்துக் கடைக்காரருக்குக் காட்டிவிட்டு, நீங்களே கவனமாகக் கொண்டுபோய்க் கொடுங்கள்.