ஆர்டர் தள்ளிப்போகிறதா? வாடிக்கையாளருக்கு எழுத 8 குறிப்புகள்

வீட்டில் இருந்தபடியே பனை ஓலைக் கொட்டான், பெட்டி, கூடை முடைந்து விற்பவர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் சோதனையான மாதங்கள். விசேஷங்களுக்கான ஆர்டர் குவிவதும் அப்போதுதான், வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அப்போதுதான். மழையில் மரம் வழுக்கும் என்பதால் ஏறுபவர் ஏறமாட்டார். முன்பே வெட்டி வைத்த குருத்தோலையும் வெயில் இல்லாமல் காயாது. ஒத்துக்கொண்ட தேதிக்குச் சரக்கு போகாது என்று தெரிந்ததும் வாடிக்கையாளருக்கு என்ன எழுதுவது? ஓலைக் கொட்டான் ஆர்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

1. முதலில் ஓலையைப் பாருங்கள், பிறகு போனை எடுங்கள்

ஓலை வரவில்லை என்றதும் பதற்றத்தில் 'ஒரு வாரம் ஆகும்' என்று எழுதிவிடாதீர்கள். கையில் முடிந்த கொட்டான் எத்தனை, மிச்சம் இருக்கும் ஓலை எத்தனைக்கு வரும் என்று எண்ணி எழுதுங்கள். ஓலை தருபவரிடம் 'எப்போ அனுப்புவீங்க?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'வெட்டியாச்சா, காய்ஞ்சாச்சா?' என்றும் கேளுங்கள். வெட்டியும் காயாத ஓலை உங்களுக்கு இன்னும் வராத ஓலைதான்.

அவசரத்துக்கு அரைகுறையாகக் காய்ந்த ஓலையில் முடைந்தால் பிறகு அது சுருங்கி, பின்னலில் சந்து விழும். அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்பினால் சாம்பல் நிறப் பூஞ்சை பூத்துக் கிடக்கும். பச்சை வாசனை போகாமல், தொட்டால் சில்லென்று இருக்கிற ஓலை இன்னும் காயவில்லை என்று அர்த்தம். (நன்றாகக் காய்ந்த ஓலையை முடையும் முன் ஈரத்துணியில் சுற்றிப் பதப்படுத்துவது வேறு விஷயம்.) தாமதத்தை வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார், பூஞ்சையைப் பொறுக்கமாட்டார்.

2. புதுத் தேதியைக் கணக்குப் போட்டு எடுங்கள்

நம் உதாரணத்தில் இரண்டு ஆர்டர்கள். ஒருவருக்குக் கல்யாணத் தாம்பூலத்துக்கு 120 கொட்டான். இன்னொருவருக்கு வளைகாப்புக்கு 60, அதுவும் சிவப்புக் கரையோடு. மொத்தம் 180. இரண்டையும் நவம்பர் 18-ல் தருவதாகப் பேச்சு. நவம்பர் 8 வரை சாயம் போடாத வெள்ளை ஓலையில் 60 முடிந்திருக்கிறது. பாக்கி 120. காய்ந்த ஓலை 17-ம் தேதிதான் கிடைக்கும் என்று அன்றுதான் தெரிகிறது.

ஓலையைக் கிழித்து, ஈர்க்கு நீக்கி, தேவையானதைச் சாயத்தில் கொதிக்கவைத்து நிழலில் உலர்த்த 18, 19, 20 ஆகிய மூன்று நாள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு 12 கொட்டான் முடைவார்கள் என்றால் 120-க்குப் பத்து நாள், அதாவது நவம்பர் 21 முதல் 30 வரை. டிசம்பர் 1-ல் சரிபார்த்துக் கட்டலாம். 2-ம் தேதி கூரியரில் போட்டால் மூன்றாவது நாளான 4-ம் தேதி கைக்குக் கிடைக்கும்.

ஆனால் 4-ம் தேதி என்று எழுதக் கூடாது. மழை இன்னும் விடவில்லை. முடைபவருக்குக் காய்ச்சல் வரலாம், கூரியர் வண்டி நிற்கலாம். மூன்று நாள் கூட்டினால் 7-ம் தேதி. அன்று ஞாயிற்றுக்கிழமை என்றால் பார்சல் வராது, ஆகவே 'டிசம்பர் 8, திங்கள்' என்று எழுதுங்கள். முந்திக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். இரண்டாவது தேதியும் தவறினால் மூன்றாவதை யாரும் நம்பமாட்டார்கள்.

3. யாருக்கு எந்தத் தேதி தலைபோகிற விஷயம் என்று பிரியுங்கள்

நீங்கள் கொடுக்கும் தேதியைவிட அவர்கள் வீட்டு விசேஷத் தேதிதான் முக்கியம். ஆர்டர் எடுக்கும்போதே அதைக் கேட்டு நோட்டில் குறித்திருந்தால் இப்போது கைகொடுக்கும். கல்யாணம் டிசம்பர் 14 என்றால் 8-ம் தேதி கிடைத்தாலும் அவர்களுக்கு ஆறு நாள் மிச்சம். வளைகாப்பு நவம்பர் 23 என்றால் புதுத் தேதி சொல்வதில் பிரயோஜனமே இல்லை. வளைகாப்பைக் கொட்டானுக்காகத் தள்ளிவைக்க முடியாது. கார்த்திகைக் கல்யாணமும் அப்படித்தான், மார்கழி பிறந்துவிட்டால் முகூர்த்தம் இல்லை. முதல் வகையினருக்குச் செய்தி போதும். இரண்டாவது வகையினருக்கு மாற்று வழியோடு போன் செய்ய வேண்டும்.

4. தெரிந்த அன்றே, தனித்தனியாகச் சொல்லுங்கள்

18-ம் தேதிச் சரக்கு வராது என்று 8-ம் தேதியே தெரிந்தால் 8-ம் தேதியே சொல்லிவிடுங்கள். பத்து நாள் இருந்தால் அவர்கள் வேறு இடத்திலாவது வாங்குவார்கள். 17-ம் தேதி ராத்திரி சொன்னால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'மழையால் ஆர்டர்கள் தாமதம்' என்று போடுவதோடு நிறுத்தாதீர்கள். பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்பினால், உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். புது வாடிக்கையாளர் பலர் சேமித்திருக்கமாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆர்டர் விவரத்தோடு தனியாக அனுப்புங்கள். போனில் பேசினாலும் பேசியதைக் கீழே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். பிறகு 'நீங்க எட்டுன்னு சொல்லவே இல்லையே' என்ற பேச்சு வராது.

5. செய்தியின் வரிசை இப்படி இருக்கட்டும்

முதலில் எந்த ஆர்டர், அடுத்து தாமதம் என்ற விஷயம், பிறகு மன்னிப்பு, ஒரு வரியில் காரணம், புதுத் தேதி, அவர்களுக்கு இருக்கும் வழி. கல்யாண வீட்டுக்கு இப்படி எழுதலாம்:

"வணக்கம் அக்கா. நீங்கள் சொல்லியிருந்த 120 ஓலைக் கொட்டான் ஆர்டர் பற்றி எழுதுகிறேன். நவம்பர் 18-ல் தருவதாகச் சொல்லியிருந்தேன். அன்று தர முடியாத நிலை. மன்னித்துக்கொள்ளுங்கள். தொடர் மழையில் ஓலை காயாததால் எங்களுக்கு வரவேண்டிய ஓலை 17-ம் தேதிதான் வருகிறது. டிசம்பர் 8, திங்கள்கிழமைக்குள் 120-ம் உங்கள் வீட்டில் இருக்கும். கல்யாணம் 14-ம் தேதி என்று குறித்து வைத்திருக்கிறேன். இந்தத் தேதி உங்களுக்குச் சரிப்படாவிட்டால் நீங்கள் கொடுத்த முன்பணம் 3,600 ரூபாயை முழுதாகத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். நவம்பர் 10-ம் தேதிக்குள் எது சௌகரியம் என்று சொல்லுங்கள் அக்கா."

'18-ல் அனுப்புகிறேன்' என்பதும் '18-ல் கிடைக்கும்' என்பதும் வேறு வேறு. கைக்குக் கிடைக்கும் நாளையே எழுதுங்கள். அனுப்பும் முன் தேதியையும் கிழமையையும் காலண்டரில் ஒப்பிட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம்.

6. காரணம் ஒரு வரி போதும்

மரம் ஏறுபவர் வரவில்லை, ஓலைக்காரர் ஏமாற்றிவிட்டார், வீட்டில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று நீட்டினால் மன்னிப்பு புலம்பலாகிவிடும். ஓலைக்காரரைக் குறை சொல்வதிலும் பலன் இல்லை. வாடிக்கையாளர் முன்பணம் கொடுத்தது உங்களிடம்தான். 'சீக்கிரம்', 'கூடிய விரைவில்', 'மழை நின்றதும்' போன்ற சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றைப் படித்தவர் மறுநாளே 'எப்போ?' என்று கேட்பார். 'தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்' என்று இரண்டு மூன்று முறை கெஞ்சவும் வேண்டாம். ஒரு முறை மன்னிப்புக் கேட்டால் போதும்.

7. தேதி தாண்டிப் போகிறவர்களுக்கு வழியோடு பேசுங்கள்

வளைகாப்பு வீட்டுக்குச் சிவப்புக் கரை போட்ட 60-ஐ 23-ம் தேதிக்குள் தர முடியாது. ஆனால் வெள்ளை ஓலையில் 60 தயாராக இருக்கிறது. அதை அவர்களுக்குக் கொடுத்தால் கல்யாண வீட்டுக்கு 120-ஐயும் புதிதாக முடைய வேண்டும். மேலே போட்ட கணக்கு அதற்கும் சேர்த்துத்தான். ஆகவே போனில் பேசிவிட்டு இப்படி எழுதலாம்:

"வணக்கம் மேடம். போனில் சொன்னபடி, சிவப்புக் கரை வைத்த கொட்டான் 60-ஐ வளைகாப்புக்குள் தர முடியவில்லை. மன்னிக்கவும். ஓலை வரத்து இல்லை. கரை இல்லாத வெள்ளைக் கொட்டான் 60 அதே அளவில் தயாராக இருக்கிறது, படம் கீழே. சரி என்றால் நவம்பர் 18-க்குள் கைக்குக் கிடைக்கும்படி அனுப்புகிறேன். சாயம் போடாததால் ஒன்றுக்கு 5 ரூபாய் குறைவு. வேண்டாம் என்றால் முன்பணம் 1,800 ரூபாயை இன்றே திருப்பித் தருகிறேன்."

கேட்காமல் வெள்ளையை அனுப்பிவிட்டு 'அழகாத்தானே இருக்கு' என்று சமாளிக்காதீர்கள். ஓலை கிடைக்கவில்லை என்று பிளாஸ்டிக் ஒயரில் பின்னி அனுப்புவதும் கூடாது. தள்ளுபடியைத் தாமதத்துக்குப் பரிகாரமாக எல்லோருக்கும் அள்ளிக் கொடுக்கவும் வேண்டாம். இங்கே சாயவேலை குறைந்தது, அதனால் விலை குறைந்தது. பணத்தைத் திருப்புவதானால், அது வந்த அதே எண்ணுக்கே அனுப்பி, ரசீதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுங்கள்.

8. இடையில் ஒரு தடவை தகவல் கொடுங்கள்

நவம்பர் 8-ல் எழுதியவர் டிசம்பர் 8 வரை மௌனமாக இருந்தால் கல்யாண வீட்டில் பயம் வரும். ஓலை வந்த 17-ம் தேதி, அதன் படத்தோடு 'ஓலை வந்துவிட்டது அக்கா, 21-ல் முடைய ஆரம்பிக்கிறோம்' என்று ஒரு வரி போதும். பாதி முடிந்ததும் இன்னொரு வரி. பார்சல் போட்ட அன்று கூரியர் எண்.

17-ம் தேதியும் ஓலை வரவில்லை என்றால் அன்றே போன் செய்யுங்கள். கூட்டி வைத்த மூன்று நாளுக்குள் அடங்கினால் 8-ம் தேதி மாறாது, அதையே சொல்லலாம். அதற்கு மேல் போகுமானால் முடிந்தவரை கொடுத்துவிட்டு மீதிப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லுங்கள். மீண்டும் ஒரு புதுத் தேதி வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கோடையிலும் ஆடி, ஆவணியிலும் காய்ந்த ஓலை கிடைக்கும்போதே கொஞ்சம் அதிகமாக வாங்கி, ஈரம் ஏறாமல் துணியில் சுற்றி, தரையில் படாதபடி பரணில் வைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகைக்கு அந்த இருப்பு எத்தனை கொட்டானுக்கு வருமோ அத்தனைக்கு மட்டும் ஆர்டர் எடுங்கள்.