அப்பாவுக்கு ஒரு காபிக் கடிதம்

அன்புள்ள அப்பா,

பிரஷர் இருக்குன்னு தெரிஞ்சதும் காபியை ஒரேயடியா நிறுத்திடாதீங்க. திடீர்னு விட்டா மறுநாளே தலைவலி வரலாம், மனசு மறுபடி டபராவைத் தேடும். முதல்ல சாயங்காலக் காபியை மட்டும் விடுங்க. குடிச்ச காஃபீன்ல பாதி உடம்பை விட்டுப் போகவே அஞ்சு மணி நேரம் போல ஆகும். ராத்திரித் தூக்கம் கெட்டா பிரஷருக்கும் நல்லதில்லை. காலையில ரெண்டாவது டம்ளருக்கு, ஃபில்டர்ல மறுபடி வெந்நீர் ஊத்தி இறக்கின ரெண்டாம் டிகாக்‌ஷன் போதும். ஒரு வாரத்துல அதையும் விட்டுடலாம். முதல் டம்ளரை நான் கேக்கவே மாட்டேன்பா.

பிரஷர் பார்க்கிறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் காபி வேண்டாம். குடிச்சதும் பார்த்தா அளவு ஏறித் தெரியலாம். அளவு குறைஞ்சாலும், டாக்டர் சொல்லாம மாத்திரையை நிறுத்தாதீங்க.

உங்க பொண்ணு