பிடித்த வரியைத் திரும்ப வாங்க ஆடிட்டர் வேணுமா, நாமே போடலாமா?



"கம்பெனிக்காரங்க துணி தைச்ச கூலியில வரி பிடிச்சுட்டாங்களே, அது போனது போனதுதானா?" கம்பம் பக்கத்துச் சகோதரி ஒருவர் கூட்டத்தில் கேட்ட கேள்வி இது.

அவர் வீட்டில் தையல் மெஷின் போட்டு, திருப்பூர் கம்பெனி ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் தைத்துக் கொடுக்கிறார். 2024-25ஆம் ஆண்டில் பேங்க் மூலம் வந்த கூலி ரூ.3,60,000. அதில் 1 சதவீதம், ரூ.3,600 வரியாகப் பிடித்திருந்தார்கள். நூல், கரண்ட், உதவிக்கு வந்தவர் கூலி போக அவருக்கு நின்றது ரூ.1,50,000. அந்த ஆண்டு புதிய வரி முறையில் 3 லட்சம் வரை வரியே கிடையாது. ஆகவே 3,600 ரூபாயும் அவர் பணம்தான். ஆனால் கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்பி வரும்.

ஊரில் ஒருவர், "நான் போட்டுத் தர்றேன், 1,500 ரூபாய் கொடுங்க" என்றாராம். வருகிற பணத்தில் கிட்டத்தட்ட பாதி அதற்கே போய்விடும்!

இவரைப் போன்ற சிறு தொழில்காரர்கள் முழு வரவு செலவுக் கணக்கு காட்ட வேண்டியதில்லை. ITR-4 என்ற படிவம் போதும். மொத்த வரவையும் லாபத்தையும் எழுதினால் சரி. பேங்க் மூலம் வந்த வரவில் குறைந்தது 6 சதவீதமாவது லாபம் காட்டணும். உண்மை லாபம் அதற்கு மேலே என்றால் அதைத்தான் எழுதணும். அவர் 1,50,000 என்றே எழுதினார்.

அவரும் கல்லூரியில் படிக்கும் மகளும் incometax.gov.in தளத்தில் உட்கார்ந்து போட்டார்கள். அதற்குக் கட்டணம் இல்லை. முதலில் 26AS பக்கத்தில் 3,600 பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தார்கள். அதில் இல்லாத வரியைத் திரும்பக் கேட்டால் சிக்கல் வரும். கடைசியில் ஆதார் ஓ.டி.பி. கொடுத்து e-Verify செய்தார்கள். 30 நாளுக்குள் இதைச் செய்யாவிட்டால் தாக்கல் செய்ததாகவே கணக்கில்லை. பலர் தவறுவது இங்கேதான்.

அப்போ ஆடிட்டர் யாருக்கு வேணும்? உதாரணத்துக்கு, எல்.ஐ.சி. முகவராக கமிஷன் வாங்கும் சகோதரிகளுக்கு இந்த எளிய முறை பொருந்தாது. வரவு, செலவு இரண்டையும் காட்டும் ITR-3 போடணும். அதற்கு ஆடிட்டர் கூலி கொடுப்பது வீண் இல்லை.

யாரிடம் கொடுத்தாலும் உங்கள் செல் நம்பர், உங்கள் இ-மெயிலையே பதியச் சொல்லுங்கள். 2025 ஜூலையில் வருமான வரித்துறை தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் இடைத்தரகர்களைச் சோதனை செய்தது. பொய்க் கழிவு காட்டி, கமிஷனுக்காக அதிகப் பணம் வாங்கித் தந்தவர்கள் இவர்கள். தற்காலிக இ-மெயிலைக் கொடுத்துப் பிறகு கைவிட்டதால், துறை அனுப்பிய நோட்டீஸைப் பார்க்க ஆளில்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் பான் கார்டுக்குச் சொந்தக்காரர்தான். "வர்ற பணத்துல இத்தனை சதவீதம் எனக்கு" என்று யாராவது கேட்டால் விலகிவிடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, வரி பிடித்த ரசீது வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.