நாற்பது பேரை வைத்து எவ்வளவு சொல்லலாம்?

கேள்வி: மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் 50 பெண்களை அணுகி, சம்மதித்த 40 பேரிடம் கழுத்துவலி பற்றி முன்னோட்ட ஆய்வு செய்தேன். 12 பேருக்கு வலி இருந்தது. இப்போது பெரிய ஆய்வுக்காக ஐ.சி.எம்.ஆர். அமைப்பிடம் நிதி கேட்டு விண்ணப்பிக்கிறேன். பழைய அறிக்கையைச் சுருக்கி, 'முதற்கட்ட முடிவுகள்' என்று சேர்த்தால் போதுமா?
– உதவிப் பேராசிரியை, மேலப்பாளையம்

பதில்: போதாது. அறிக்கை நடந்ததை நடந்தபடி சொல்கிறது. மதிப்பீட்டாளரோ, நீங்கள் கேட்கும் ஆள் எண்ணிக்கைக்கும் காலத்துக்கும் பணத்துக்கும் முன்னோட்டத்தில் என்ன ஆதாரம் என்று தேடுவார். விண்ணப்பத்தின் நோக்கங்களை எதிரில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். எந்த நோக்கத்துக்கும் உதவாத அட்டவணையை, எவ்வளவு பாடுபட்டுத் தயாரித்திருந்தாலும், விட்டுவிடுங்கள்.

அந்த 12 பேரையே எடுத்துக்கொள்வோம். "30 சதவீதம் பேருக்கு வலி" என்று மட்டும் எழுதினால், 'விடைதான் கிடைத்துவிட்டதே, பணம் எதற்கு?' என்ற கேள்வி வரும். 40 பேரில் 12 பேர் என்றால், 95 சதவீத நம்பக இடைவெளி ஏறத்தாழ 18 முதல் 45 சதவீதம் வரை விரிகிறது. இதை மறைக்காதீர்கள். பெரிய ஆய்வு தேவைப்படுவதே இதனால்தான். மேலும் கீழும் 5 புள்ளிக்குள் விடை வேண்டுமானால், 30 சதவீதத்தை வைத்துக் கணக்கிட்டால் 323 பேர் போதும். 45 சதவீதத்தை வைத்தால் 381 பேர் வேண்டும். பெரிய எண்ணையே எடுங்கள். ஐந்தில் நால்வர்தான் சம்மதித்தார்கள் என்பதால் 477 பேரை அணுக வேண்டிவரும். தெருத்தெருவாகத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் இது இன்னும் கூடும்.

மறுத்த 10 பேர் உங்கள் அறிக்கையில் ஒரு வரியில் முடிந்திருப்பார்கள். விண்ணப்பத்தில் அவர்களுக்கு ஒரு பத்தி கொடுங்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர், மடியில் சொளவோடு அரை மணி நேரம் பேசினால் அன்றைய எண்ணிக்கை குறையும். எந்த நேரத்தில் போனபோது மறுத்தார்கள் என்று களக் குறிப்பேட்டில் பாருங்கள். கடைக்குப் பீடி கொடுக்கும் நேரத்துக்கு முன்பு மறுப்பு அதிகமாக இருந்தால், போகும் நேரத்தை மாற்றுவதையும் நேர இழப்புக்கான தொகையையும் நியாயப்படுத்த அதுவே சான்று.

இன்னொன்றும் இருக்கிறது. வலி தாங்காமல் பீடி சுற்றுவதையே விட்டவர்கள் உங்கள் 40 பேரில் இல்லை. அதனால் 30 சதவீதம் என்பதே குறைவான மதிப்பீடாக இருக்கலாம். இந்தக் குறையை நீங்களே சொல்லி, பெரிய ஆய்வில் தொழிலை விட்டவர்களையும் சேர்ப்பதாக எழுதுங்கள்.

"பல வருடம் சுற்றியவர்களுக்கு வலி அதிகம்" என்று பி-மதிப்போடு எழுதியிருந்தால் நீக்கிவிடுங்கள். 12 பேரைப் பிரித்துப் பார்த்துச் சொல்லும் தொடர்பை நம்ப முடியாது.

கேள்வித்தாளை மாற்றியிருந்தால் பழைய 40 பேரைப் புதிய கணக்கில் சேர்க்கக் கூடாது. முன்னோட்டத்துக்கு வாங்கிய நெறிமுறைக் குழு அனுமதி எண்ணைக் குறிப்பிட்டு, பெரிய ஆய்வுக்குத் தனி அனுமதி வாங்குங்கள்.